வந்த வழியே திரும்பாத பணம்

சாப்பாடு ஆர்டர் செய்தோம். பார்சலைப் பிரித்தால் மட்டன் சுக்காவைக் காணோம். ஆப்பில் புகார் கொடுத்த இரண்டு நிமிடத்தில் ஒரு செய்தி வருகிறது: 'உங்களுக்கான 288 ரூபாய் ரீஃபண்ட் வாலட்டில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆர்டருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' பக்கத்தில் ஒரு பச்சை டிக். பணம் வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் அங்கே எந்த வரவும் இருக்காது. நாலு நாள் காத்திருந்தாலும் இருக்காது. ஏனென்றால் அந்தப் பணம் வங்கிக்குப் புறப்படவே இல்லை.

இந்தச் செய்தி பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் நாம் அவசரத்தில் வாசிக்காமல் விடும் இடத்தில் சொல்கிறது. எவ்வளவு பணம் என்பதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். ஆப்பின் திரையில் "Refund to original payment method" என்றோ "Refund to source" என்றோ இருந்தால், நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து அல்லது எந்தக் கார்டிலிருந்து கட்டினீர்களோ அங்கேயே பணம் திரும்புகிறது என்று பொருள். "Credited to wallet" என்றோ, அந்த ஆப் தனக்கென்று வைத்திருக்கும் மணி, கிரெடிட்ஸ், காயின்ஸ் போன்ற பெயரோ இருந்தால், பணம் அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் இன்னொரு அடையாளத்தையும் பார்க்கலாம். வங்கி வழியாகத் திரும்பும் பணத்துக்கு வங்கி உலகம் ஒத்துக்கொள்கிற ஓர் எண் இருக்கும். யுபிஐயில் கட்டியிருந்தால் 12 இலக்க RRN. கார்டில் கட்டியிருந்தால் ARN என்ற நீளமான எண். இந்த எண்ணைக் கொண்டுபோய் உங்கள் வங்கியில் காட்டினால், பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேடிச் சொல்ல முடியும். வாலட்டில் போட்ட ரீஃபண்டுக்கு இப்படி ஓர் எண் கிடையாது. ஆப் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட ஆர்டர் எண்தான் இருக்கும். வங்கிக்கு அது எதையும் சொல்லாது. 'உடனே கிடைத்துவிட்டது' என்பதும் ஒரு குறிப்புதான். வங்கிக்குத் திரும்புகிற பணம் சில மணி நேரத்திலிருந்து சில வேலைநாட்கள் வரை எடுத்துக்கொள்ளும், கார்டு என்றால் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் வந்தால் அது வாலட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, வாலட்டில் இருந்தால் என்ன குறை, அதுவும் பணம்தானே? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

உணவு ஆப்களின் வாலட்டுகளில் பல, ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் 'மூடிய வகை' சாதனங்கள். ஒரு நிறுவனம் தன்னிடம் மட்டுமே பொருள் வாங்குவதற்காகக் கொடுக்கும் இருப்பு அது. அதிலிருந்து ரொக்கம் எடுக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. முன்பணக் கட்டணச் சாதனங்களுக்காக ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட முதன்மை உத்தரவு, இந்த மூடிய வகையைத் தன் கண்காணிப்புக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. அதை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதியும் தேவையில்லை. அதாவது உங்கள் 288 ரூபாய் வங்கிக் கணக்கில் இருந்தபோது அதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பு, வாலட்டுக்குள் போனதும் குறைந்துவிடுகிறது. சில ஆப்களின் வாலட்டை ஒரு வங்கியோ ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமோ நடத்தும். அப்படியென்றால் வாலட் பக்கத்தின் அடியில், நிபந்தனைகள் பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த வகையில் தகராறு வந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மூடிய வாலட்டுக்கு அந்தக் கதவு கிடையாது.

வாலட்டுக்குள்ளேயும் எல்லா ரூபாயும் ஒரே ரூபாய் இல்லை. நீங்கள் கட்டிய பணம் ரீஃபண்டாக வந்து சேர்ந்தது ஒரு கணக்கு. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நிறுவனம் தானாகப் போடும் தொகையும், விளம்பரத்துக்காகக் கொடுக்கும் தொகையும் வேறு கணக்கு. இரண்டாவது வகைக்குக் காலாவதித் தேதி இருக்கும். இத்தனை ரூபாய்க்கு மேல் ஆர்டர் செய்தால்தான் செல்லும், ஒரு ஆர்டருக்கு இவ்வளவுதான் கழியும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். உங்கள் சொந்தப் பணம் தவறுதலாக இந்த இரண்டாவது கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் பயன்படுத்தாத ஒரு மாதத்தில் அது காணாமல் போகக்கூடும். ஆகவே வாலட் பக்கத்தைத் திறந்து, அந்தத் தொகையின் மேல் தொட்டு, தேதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நிறுவனங்கள் ஏன் வாலட்டை முன்னே நீட்டுகின்றன? எல்லாமே சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. பசியோடு இருப்பவருக்கு உடனே மாற்று ஆர்டர் போட வசதியாகப் பணம் கையில் இருப்பது உதவிதான். ஆனால் நிறுவனத்துக்கு இதில் இருக்கும் லாபமும் சின்னதில்லை. பணத்தை வங்கி வழியாகத் திருப்பி அனுப்புவதற்கு அவர்கள் கட்டணச் சேவை நிறுவனத்தின் வழியே போக வேண்டும், வேலை இருக்கிறது. வாலட்டில் போட்டால் பணம் அவர்கள் கையை விட்டே போவதில்லை. அதைவிட முக்கியமானது, அந்தப் பணம் இனி அந்த ஆப்பைத் தவிர வேறெங்கும் செல்லாது என்பதால் உங்கள் அடுத்த சாப்பாடும் அங்கேதான் என்று உறுதியாகிவிடுகிறது. அவர்கள் சேவையில் குறை கண்டு கோபத்தில் இருப்பவரையே மறுபடி வாடிக்கையாளராக்கிவிடும் ஏற்பாடு இது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறையில் இரண்டு தோழிகள். ஆப் ஒருத்தியின் செல்போன் எண்ணில் இருக்கிறது. அன்றைக்குப் பணம் கட்டியது மற்றவள், தன் யுபிஐயிலிருந்து. சிக்கன் பிரியாணி 260 ரூபாய், பரோட்டா செட் 120, மட்டன் சுக்கா 320, ஆக 700. கூப்பன் போட்டதில் 100 கழிந்து 600. அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 30 ரூபாய். பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் வரி உட்பட 80. மொத்தம் 710 ரூபாய் போனது. சுக்கா வரவில்லை. ரீஃபண்ட் 288 ரூபாய் என்று செய்தி.

"320 ரூபாய் சுக்காவுக்கு 288தானா?" என்ற கேள்விதான் முதலில் எழும். இந்தத் தொகை சரியானதே. 100 ரூபாய் கூப்பன் தள்ளுபடி எல்லாப் பதார்த்தத்துக்கும் விகிதப்படி பிரிகிறது. 700-இல் 320-க்கு உரிய பங்கு 45 ரூபாய் 71 காசு. அதைக் கழித்தால் சுக்காவுக்கு நீங்கள் உண்மையில் கட்டியது 274 ரூபாய் 29 காசு. அதற்கு 5 சதவீத வரி 13 ரூபாய் 71 காசு. கூட்டினால் 288. மற்ற பதார்த்தங்கள் வந்து சேர்ந்ததால் டெலிவரிக் கட்டணம் திரும்பாது. தொகை குறைவாகத் தெரிந்தால் சண்டைக்குப் போகும் முன் பில்லை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் தொகை சரியாக இருந்தும் பணம் தவறான ஆளிடம் போயிருக்கிறது. வாலட் என்பது ஆப்பில் நுழைந்திருக்கும் செல்போன் எண்ணுக்கு உரியது. பணம் கட்டியவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

"ஏய், என் காசு உன் ஆப்ல கெடக்குடி" என்கிறாள் கட்டியவள்.

"அடுத்த தடவ நான் ஆர்டர் போடுறப்ப கழிச்சுக்கலாம்டி" என்கிறாள் மற்றவள்.

தோழிகளுக்குள் இது சரியாகிவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் ஆப்பில் வந்த ஆர்டருக்குத் தன் கார்டால் பணம் கட்டியிருந்தால்? அலுவலகத்தில் பத்துப் பேருக்குச் சாப்பாடு வாங்க, கம்பெனி கார்டைக் கொடுத்து ஓர் ஊழியரின் ஆப்பில் ஆர்டர் செய்திருந்தால்? கார்டுக்குத் திரும்ப வேண்டிய கம்பெனிப் பணம் ஊழியரின் சொந்த வாலட்டில் வந்து நிற்கும். கணக்கு எழுதுகிறவர் கேட்டால் பாவம் அந்த ஊழியர்தான் பதில் சொல்ல வேண்டும். வந்த வழியே பணம் திரும்ப வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணம் இருக்கிறது: கொடுத்தவரிடமே போனால் கணக்கு சரியாக மூடும்.

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆன்லைன் வணிகத்துக்கும் வங்கிக்கும் நடுவே நின்று பணத்தை வாங்கித் தரும் நிறுவனங்களுக்காக ரிசர்வ் வங்கி 2020 மார்ச் மாதம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எல்லா ரீஃபண்டும் பணம் வந்த அதே வழியில்தான் போக வேண்டும், வேறு வழியில் வரவு வைக்க வாடிக்கையாளர் குறிப்பாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று அதில் சொல்லியிருக்கிறது. அதே 2020-ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஏற்றுக்கொண்ட ரீஃபண்டை ரிசர்வ் வங்கி வகுத்தபடி, நியாயமான காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். வாலட்டில் போடுவது குற்றமில்லை. கேட்காமல் போடுவதுதான் தவறு.

இந்த 'ஒப்புக்கொண்டிருந்தால்' என்ற இடத்தில்தான் நம் விரல் வேலை செய்கிறது. புகார் கொடுக்கும்போது திரையில் இரண்டு வாய்ப்புகள் வரும். 'வாலட் – உடனே' என்பது பளிச்சென்று மேலே, ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டது போன்ற நிறத்தில். 'வங்கிக் கணக்கு – சில நாட்கள்' என்பது கீழே, சாம்பல் நிறச் சிறிய எழுத்தில். பசியில், எரிச்சலில் இருப்பவர் மேலே இருப்பதைத் தொட்டுவிடுவார். அந்த ஒரு தொடுதல்தான் நீங்கள் கொடுத்த சம்மதம் என்று பின்னால் காட்டப்படும். வாங்கும் சம்மதத்தை நுகர்வோர் தாமே தெளிவாகச் செய்ய வேண்டும், முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது என்கிறது மின்வணிக விதி. திரையைத் தந்திரமாக வடிவமைத்து ஆளைத் திசைதிருப்புவதற்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு திரையையும் போய் யார் பார்ப்பது? தொடுவதற்கு முன் ஐந்து விநாடி நிறுத்திக் கீழே இருப்பதையும் படிப்பதுதான் இன்றைக்கு நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

சில திரைகளில் இரண்டாவது வாய்ப்பே இருக்காது. அப்படி இருந்தால் அது ஏற்கத்தக்கதில்லை என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. வாடகைக் கார் சேவையான ஓலா, பயணிகளின் புகாருக்குக் கூப்பனாக மட்டுமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்தது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, வங்கிக் கணக்கா கூப்பனா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராபிடோ மீது அதே ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்துவிட்டு, கொடுத்தது ராபிடோ காயின்கள். அவை ஏழு நாள்தான் செல்லும், அதுவும் பைக் சவாரிக்கு மட்டும். இரண்டும் உணவு நிறுவனங்கள் இல்லை என்றாலும், ஆணையம் பார்த்த கேள்வி நம் கேள்விதான்: ரூபாயைத் தர வேண்டிய இடத்தில் தன் கடையில் மட்டும் செல்லும் சீட்டைத் தரலாமா?

சரி, தொட்டாகிவிட்டது, பணம் வாலட்டில் இருக்கிறது. இனி என்ன செய்வது? முதல் காரியம், அந்தத் தொகையைத் தொடாமல் வைப்பது. அதில் ஐம்பது ரூபாயைச் செலவு செய்தாலும் வாலட் வரவை ஏற்றுக்கொண்டீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். பல ஆப்கள் அதற்குப் பிறகு மாற்றித் தர மறுக்கும். இரண்டாவது, மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: பில், யுபிஐ அல்லது கார்டில் பணம் போனதற்கான பதிவு, வாலட்டில் வரவு வைத்த செய்தி. பிறகு அதே ஆர்டரின் உதவிப் பகுதிக்குப் போய்ச் சாட்டில் சுருக்கமாக எழுத வேண்டும்: 'இந்த ஆர்டருக்கு நான் யுபிஐயில் பணம் கட்டினேன். ரீஃபண்டை வாலட்டில் போட நான் சம்மதிக்கவில்லை. பணம் கட்டிய அதே கணக்குக்கு 288 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பியதும் RRN எண்ணைத் தாருங்கள்.' கடைசி வரி முக்கியம். 'அனுப்பிவிட்டோம், காத்திருங்கள்' என்ற பதிலோடு விடாமல், எண்ணைக் கேட்டு வாங்கினால்தான் உண்மையில் அனுப்பினார்களா என்று தெரியும்.

சாட்டில் இருப்பவரிடம் பல நேரம் அதற்கான அதிகாரம் இருக்காது. அவரைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வோர் ஆன்லைன் நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஆப்பிலோ இணையதளத்திலோ வெளியிட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, மூன்று ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். வழக்குக்குப் போகும் முன் நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்கும் அமைப்பு அது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 288 ரூபாய்க்காக யாரும் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விசேஷத்துக்கு மொத்தமாக ஆர்டர் செய்து ரத்தான எட்டாயிரம் ரூபாய் வாலட்டில் மாட்டிக்கொண்டால், இந்தப் படிகள் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டாலும் கிடைக்காத இடங்களும் உண்டு. டெலிவரிக்கு வந்தவரிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், திரும்பிப் போவதற்கு வந்த வழி என்று ஒன்று கணினியில் இல்லை. அங்கே வாலட்தான் இயல்பான இடம், வங்கிக் கணக்கு விவரத்தை நீங்களாகக் கொடுத்தால் சிலர் அதில் போடுவார்கள். பாதி வாலட்டிலும் பாதி யுபிஐயிலும் கட்டியிருந்தால் வாலட்டிலிருந்து போன பங்கு வாலட்டுக்கே வருவது முறை. சாப்பாடு ஆறிப்போய் வந்தது, சுவை இல்லை என்பதற்காக நிறுவனம் தானாக முன்வந்து ஐம்பது ரூபாய் போட்டால் அது ரீஃபண்டே இல்லை, நல்லெண்ணத்துக்குக் கொடுத்தது. அதை வங்கியில் கேட்க முடியாது. செய்தியில் ரீஃபண்ட் என்ற சொல் இருக்கிறதா, இழப்பீடு, கூப்பன் என்ற மாதிரி வேறு சொல் இருக்கிறதா என்பதை இதற்காகத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிலைமையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யுபிஐயில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் ஆர்டரே பதிவாகவில்லை. இது ரீஃபண்ட் கணக்கில் வராது, தோல்வியுற்ற பரிவர்த்தனை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் இப்படி நடுவில் நின்றால் பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதற்கு உணவு ஆப்போடு மல்லுக்கட்டாமல் உங்கள் யுபிஐ ஆப்பிலோ வங்கியிலோ புகார் பதிவது நல்லது.

இவ்வளவும் ஆப்புக்குள்ளேயே நடக்க வேண்டிய காரியம். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடப் போகாதீர்கள். போலி எண்களைப் போட்டுவிட்டு, 'ரீஃபண்டை வங்கிக்கு மாற்றித் தருகிறோம்' என்று பேசுவதற்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். வாலட் பணம் வங்கிக்கு வரவில்லையே என்ற உங்கள் கவலைதான் அவர்களுக்கு முதலீடு. ஒரு லிங்க் அனுப்புவார்கள், திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், கடைசியில் யுபிஐ பின்னைப் போடச் சொல்வார்கள். பணம் உள்ளே வருவதற்குப் பின் தேவையே இல்லை, வெளியே போவதற்குத்தான் தேவை. அப்படி ஏமாந்துபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் சொன்னால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.